மாமியார் முகத்தில் பன்னிரண்டு நரம்பு

ஒரு வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தால் அந்த வீட்டாருக்கு நல்லது. இரண்டு நர்ஸ்கள் இருந்து, அந்த இருவரும் ஓரகத்திகளாகவும் இருந்துவிட்டால், அங்கே காய்ச்சல்கூட வரத் தயங்கும். வந்தால் யார் முதலில் தெர்மாமீட்டர் வைப்பது என்பதில் சண்டை முடிவதற்குள் காய்ச்சல் தானாக இறங்கிவிடும்.

நம் கதை பெரியவளைப் பற்றியது. அண்ணன் பெண்டாட்டி என்பதால் பெரியவள். உடம்பும் அந்தப் பட்டத்துக்குக் குறைவில்லை. அவள் வார்டுக்குள் நுழைந்தால் கட்டிலில் கால்மேல் கால் போட்டிருக்கும் நோயாளி காலை எடுத்துவிடுவார். ஊசி குத்தும்போது வலிக்காது, குத்துவதற்கு முன் அவள் பார்க்கும் பார்வைதான் வலிக்கும் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு. பதினைந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ். இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, யாரையும் மன்னித்ததும் இல்லை. கணக்கு அந்த வகையில் நேராகத்தான் இருந்தது.

சின்னவள் தம்பி பெண்டாட்டி. கத்தரிக்கோல் போல இருப்பாள். மெலிசு, பளபளப்பு, இரண்டு பக்கமும் கூர். அதே ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் இருந்துவிட்டு, பெரியவள் இருந்த நரம்பியல் வார்டுக்கே வந்தவள்.

பகை தொடங்கிய இடம் ரொம்பச் சின்னது. ஒருமுறை ஊழியர்களுக்கு உடல் பரிசோதனை நடந்தது. பெரியவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றியவள் சின்னவள். சுற்றினாள், எட்டவில்லை. இழுத்தாள், எட்டவில்லை. திரும்பி, டாக்டர்கள் முதல் துடைப்பக்காரர் வரை வரிசையில் நிற்க, "அக்காவுக்கு இது பத்தாது, அந்தப் பெரிய கஃப்பை எடுங்க!" என்று குரல் கொடுத்தாள். கை பெருத்தவர்களுக்குப் பெரிய பட்டைதான் போடவேண்டும், சின்னதைப் போட்டால் அழுத்தம் அதிகமாகக் காட்டும் என்பது பாடப்புத்தகம். ஆனால் அந்த நேரத்தில் அழுத்தம் அதிகமாக இருந்ததற்குப் பட்டை காரணமில்லை.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே சமையலறை, இரண்டு அடுப்பு. எதைச் சொல்லவேண்டுமானாலும் மாமியாரிடம் சொல்வார்கள், அவர் எதிர்ப்பக்கம் சொல்வார். மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லைன் போட்டுக் கொடுப்பது அவருக்குப் பழகிய வேலை. நடுவில் ஒட்டுக்கேட்பதும் பழக்கம்தான். "இந்தா பெரியவளே, சின்னவ சொல்றா, சிங்க்ல பாத்திரம் உன்னதாம்." "அவகிட்ட சொல்லுங்க அத்தை, சிங்க்கும் என்னதுதான்." கணவன்மார் இருவரும் சேர்ந்து கண்ணாடி வெட்டும் கடை வைத்திருந்தார்கள். எது எந்த இடத்தில் உடையும் என்று தெரிந்தவர்கள், ஆகவே வாயைத் திறப்பதில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம் நரம்பியல் செவிலியர் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். முதல் மதிப்பெண் வாங்குகிறவர்தான் நரம்பியல் வார்டின் பொறுப்பு சிஸ்டர் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது இருவரில் ஒருத்தி உத்தரவு போடுவாள், மற்றவள் "சரி சிஸ்டர்" என்பாள். பெரியவளுக்குச் சம்பள உயர்வு பெரிதாகப் படவில்லை. அந்த "சரி சிஸ்டர்" என்ற இரண்டு வார்த்தை தன் வாயிலிருந்து வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான். அதற்காக அவள் மலையைக்கூடப் பெயர்ப்பாள், மூளை நரம்பு எம்மாத்திரம்.

மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. வாசனை பார்ப்பதில் தொடங்கி நாக்கு நீட்டுவதில் முடியும். பெயர்களோ வாயில் நுழையாதவை: ஆல்ஃபாக்டரி, ஆப்டிக், ஆகுலோமோட்டார், ட்ரோக்ளியர், ட்ரைஜெமினல், அப்டூசென்ஸ், ஃபேஷியல், வெஸ்டிபுலோகாக்ளியர், க்ளாசோஃபாரிஞ்சியல், வேகஸ், ஆக்சசரி, ஹைபோக்ளாசல். ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் ஞாபக வாக்கியங்கள் உண்டு. பாடம் நடத்திய ஆசிரியை, கையில் எப்போதும் ரப்பர் சுத்தியலோடு திரிவதால் சுத்தியல் மேடம், "அவங்கவங்க மனசுல ஒட்டுற மாதிரி சொந்தமா ஒண்ணு கட்டிக்குங்க. கோவம் வந்தா இன்னும் நல்லா ஒட்டும்" என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் பெரியவளின் வாக்கியம் தயார்.

"ஆணவம் ஆகாசத்துல, ஆட்டம் தரையில. திமிரு அடங்காது, பேச்சு வெடிக்கும், கிழங்கு வேகாது, அத்தைக்கு ஹைபிரஷர்!"

பன்னிரண்டு வார்த்தை, பன்னிரண்டு நரம்பு, ஒரே குறி. சின்னவள் வேகவைத்த கிழங்கு பல்லில் கடிபடும் என்பது வீட்டு ரகசியம், அது இப்போது வகுப்பு முழுக்கப் பாடமாயிற்று. ட்ரோக்ளியருக்கும் ட்ரைஜெமினலுக்கும் த, ஃபேஷியலுக்குப் ப என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்தியது.

சின்னவள் சும்மா இருப்பாளா? மதிய இடைவேளைக்குள் அவளுடையது வந்துவிட்டது.

"ஆத்தாடி! ஆனைக்கு ஆங்காரம். தும்பிக்கை தூக்கி அலையுது. பெருமை வெறும் காத்து, வேலை அரைகுறை, ஹையோ!"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஆணவக் கட்சி ஒன்று, ஆனைக் கட்சி ஒன்று. இரண்டிலும் நரம்பு ஒழுங்கு தவறவில்லை என்பதால் சுத்தியல் மேடத்தால் கண்டிக்கவும் முடியவில்லை. எது உணர்ச்சிக்கான நரம்பு, எது அசைவுக்கானது, எது இரண்டும் என்பதற்குப் பெரியவள் இரண்டாவதும் கட்டினாள். உ என்றால் உணர்வு, அ என்றால் அசைவு, இ என்றால் இரண்டும்: "உனக்கும் உறவுக்கும் அடியும் அதட்டலும் இருந்தும் அடங்காம இருக்கும் உன்னை இழுத்து இறுக்கி அடக்கணும் அத்தை." இதை மாமியார் முன்னால் உரக்கச் சொல்லிப் படித்தபோது மாமியார் கேட்டார்: "அடக்கணும்ங்கறது யாரை? என்னையா, அவளையா?"

"பாடம் அத்தை."

"பாடத்துல நான் எதுக்குடி வர்றேன்?"

பெயர் தெரிந்தால் போதாது, படுக்கையருகே நின்று சோதிக்கத் தெரியவேண்டும். அதற்கு ஒரு முகம் வேண்டும். வீட்டில் கைவசம் இருந்த முகம் ஒன்றுதான். ஆண்கள் இருவரும் கடைக்கு ஓடிவிட்டார்கள். காலையில் பெரியவள், மாலையில் சின்னவள் என்று மாமியார் முகத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நிலம்கூட அந்த வீட்டில் இவ்வளவு சுமுகமாகப் பங்கானதில்லை.

முதலில் மூக்கு. ஒரு ஓட்டையை அடைத்துக்கொண்டு மற்றதில் காபித்தூள் காட்டவேண்டும். ஸ்பிரிட் பஞ்சைக் காட்டக்கூடாது, அது சுருக்கென்று எரியும். அப்போது பதில் சொல்வது முதலாம் நரம்பு இல்லை, ஐந்தாவது. பிறகு கண். ஒவ்வொரு கண்ணாக மூடி விரல் எண்ணச் சொல்லவேண்டும், ஓரத்தில் ஆட்டும் விரல் தெரிகிறதா என்று கேட்கவேண்டும், பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துக் கண் பாப்பா இரண்டும் சேர்ந்து சுருங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்து தலையை ஆட்டாமல் விரலைப் பின்தொடரச் சொல்லி, காற்றில் ஆங்கில எச் எழுதவேண்டும். மூன்று, நான்கு, ஆறு மூன்றும் அதில் தெரிந்துவிடும். பஞ்சு நுனியால் நெற்றி, கன்னம், தாடை தொட்டு, பல்லைக் கடிக்கச் சொன்னால் ஐந்து. புருவத்தை உயர்த்தி, கண்ணை இறுக்கி, பல்லைக் காட்டி, கன்னத்தை உப்பினால் ஏழு. காதருகே விரல் உரசினால் எட்டு. "ஆ" சொல்லச் சொல்லி உள்நாக்கு நடுவில் ஏறுகிறதா பார்த்து, குரலையும் விழுங்குவதையும் கவனித்தால் ஒன்பதும் பத்தும். தோளை உயர்த்தி, தலையைத் திருப்பினால் பதினொன்று. நாக்கை நீட்டினால் பன்னிரண்டு.

"நாக்கை நீட்டுங்க அத்தை."

"காலையில ஒருத்திக்கு நீட்டறேன், சாயங்காலம் ஒருத்திக்கு நீட்டறேன். நீங்க நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நான் நாலு கேள்வி கேக்க மட்டும் விடமாட்டேங்கறீங்க."

"நேரா இருக்கு. உள்ள இழுங்க."

"மோந்து பாக்க மட்டும் காபித்தூள் கொண்டு வர்றியே, போட்டுக் குடுக்கணும்னு தோணுதா உனக்கு?"

"அது சின்னவ டர்ன்."

மாமியாருக்குச் சலிப்பு இருந்தாலும் ஒரு பெருமையும் இருந்தது. ஊரில் எந்த மாமியாருக்கு மருமகள்கள் தினம் இருவேளை இப்படி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

எழுத்துத் தேர்வில் இருவருக்கும் சரிசமம். இனி படுக்கையருகே நடக்கும் செய்முறைத் தேர்வுதான். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். அன்று காலை பெரியவள் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள காபித்தூள் பாட்டில், டார்ச், பஞ்சு சகிதம் மாமியார் அறைக்குப் போனாள்.

மாமியார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "இன்னிக்கு விட்டுடுடி. தலை பிளக்குது. விடியறதுக்குள்ள யாரோ மண்டைக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி."

"ரெண்டு நிமிஷம் அத்தை. இங்க திரும்புங்க."

திரும்பினார். இடது இமை பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு தொங்கியது. பெரியவள் விரலால் இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். வலது பாப்பா ஒழுங்காகச் சுருங்கியது. இடது பாப்பா அகலமாக, கிணறு மாதிரி, வெளிச்சத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் அப்படியே நின்றது.

இந்த இடத்தில் நல்ல நர்ஸ் ஒருத்தி பதறியிருக்கவேண்டும். பெரியவளுக்கு வந்தது கோபம். காரணம் இருந்தது: சின்னவள் கண் பிரிவில் இருந்தவள். பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து அங்கே தண்ணீர் மாதிரி புழங்கும். தேர்வு நாள் காலையில் என்னைக் கலங்கடிக்க, நான் பதறி ஆஸ்பத்திரிக்குக் கிழவியைத் தூக்கிக்கொண்டு ஓட, இவள் நிதானமாகப் போய்த் தேர்வை முடித்துவிட்டு வர... அடிப்பாவி!

"நேத்து சாயங்காலம் சின்னவ கண்ணுல எதாவது ஊத்தினாளா அத்தை?"

"ஊத்தினா. உன்னைப் பத்தி என் காதுல."

"கண்ணுல?"

"இல்லைடி. கத்தாதே, தலைக்குள்ள இடிக்குது."

தூக்கத்தில் ஊற்றியிருப்பாள் என்று பெரியவள் முடிவு கட்டிக்கொண்டாள். வெறுப்புக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை, இடம் கிடைத்தால் போதும், உட்கார்ந்துகொள்ளும். இருந்தாலும் கை பழக்கதோஷத்தால் தன் வரிசையிலேயே போய்க்கொண்டிருந்தது. டார்ச்சுக்கு அடுத்தது விரல். ஆட்காட்டி விரலை நீட்டி, இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எச் எழுதினாள்.

வலது கண் விரலோடு போனது. இடது கண் மூக்குப் பக்கம் வரவில்லை. மேலே போகவில்லை. கீழேயும் சரியாக இறங்கவில்லை. வெளிப்பக்கம் மட்டும் சரிந்து, வீட்டு வாசலைப் பார்த்தபடி நின்றது.

பெரியவள் விரல் காற்றில் பாதி எழுத்தில் நின்றுவிட்டது. சொட்டு மருந்து பாப்பாவை விரிக்கும். இமையை இறக்காது. கண்ணைக் கட்டிப்போடாது. இமை, பாப்பா, அசைவு மூன்றும் ஒரே கண்ணில் ஒன்றாகப் போனால் அது மூன்றாவது நரம்பு. அதோடு திடீர்த் தலைவலியும் சேர்ந்தால், மூளையின் ரத்தக்குழாய் ஒன்று குமிழி போட்டு அந்த நரம்பை நெரிக்கிறது என்றுதான் முதலில் நினைக்கவேண்டும். வேறு காரணம் இருந்தால் அப்புறம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். குமிழி வெடிப்பதற்குள் ஆஸ்பத்திரி போயாகவேண்டும்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி என்ன கேட்பார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். எப்போதிலிருந்து இப்படி? கடைசியாக நன்றாக இருந்தது எப்போது? அந்தப் பதில் உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. அந்த ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் மாமியாரைப் பார்த்தாள். லைன் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டரே படுத்துக் கிடக்கிறார். வேறு வழியில்லை. கதவருகே போய் நின்று, தொண்டையைச் செருமி, எத்தனையோ வருஷம் கழித்து நேரடியாகக் கூப்பிட்டாள்.

"ஏய்!"

உறவுமுறையில் இது சேராது என்றாலும் சீப்பு நிற்கும் சத்தம் கேட்டது.

"நேத்து சாயங்காலம் அத்தை பாப்பா எப்படி இருந்துச்சு?"

சின்னவள் குரல் மட்டும் வந்தது. "யாரு, என்கிட்டயா பேசறீங்க? இன்னிக்கு என்ன விசேஷம்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ரெண்டும் சமம். ரெண்டும் சுருங்குச்சு. எச் முழுசா போச்சு. இமை நேரா இருந்துச்சு. உங்களுக்கு வித்தியாசமா தெரிஞ்சா டார்ச்ல பேட்டரி மாத்துங்க. இல்ல கண்ணை மாத்துங்க."

"வந்து பாரு."

"நான் வரமாட்டேன். வந்தா, அத்தைக்கு ஒண்ணுமே இல்லாட்டியும், நான் நேத்து எதையோ கோட்டை விட்டுட்டேன்னு மேடம்கிட்ட சொல்லுவீங்க. உங்க வித்தை எல்லாம் எனக்குத் தெரியும்."

"மூணாவது போயிடுச்சுடி! தலைவலியோட!"

அந்தக் கத்தலில் என்ன இருந்ததோ, சின்னவள் பாதி பின்னிய சடையோடு வந்தாள். வந்தவள் பெரியவள் டார்ச்சைத் தொடவில்லை. தன் டார்ச்சைத்தான் எடுத்தாள். இமையைத் தூக்கினாள். வெளிச்சம். விரல். எச். ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தில் ஒரு சுற்று நிறம் இறங்கியது. வேறு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, அதனால் அதையே மறுபடி ஒருமுறை செய்தாள். கிணறு கிணறாகவே இருந்தது.

"நான் பாத்தப்ப இப்படி இல்லை" என்றாள். வாதாடும் குரல் அதில் இல்லை.

"அதைத்தானே கேட்டேன்."

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டீங்களா?"

"உன்கிட்ட வாய் கிழியப் பேசிட்டிருந்தேன்ல, எங்க கூப்பிடறது?"

மாமியார் கண்ணை மூடியபடி, "எனக்குக் காபி" என்றார்.

"ஒண்ணும் குடிக்கக் கூடாது!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள், வார்த்தையைத் திருடிவிட்டதுபோல.

ஆபரேஷனுக்குப் போகவேண்டி வரலாம், வயிறு காலியாக இருக்கட்டும் என்று யாரும் விளக்கவில்லை. மாமியார் கை நீட்டி மேஜை மேலிருந்த காபித்தூள் பாட்டிலை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். குடிக்கத்தான் கூடாது, மோந்து பார்க்கவுமா கூடாது? அந்தப் பாட்டிலோடுதான் ஸ்ட்ரெச்சரில் ஏறினார்.

அவசரப் பிரிவில் இருந்த டியூட்டி டாக்டர் இளைஞர். இரண்டு சீருடை இரண்டு பக்கத்திலிருந்தும் பேசத் தொடங்கின.

"காலையில ஆறு மணிக்கு நான் பாத்தேன். இடது இமை இறங்கியிருக்கு, பாப்பா அகலமா, வெளிச்சத்துக்கு அசையல..."

"நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு நான் பாத்தேன், அப்ப ரெண்டும் சமம்..."

"அதை நான் சொல்லி முடிச்சிட்டு சொல்லு."

"சொல்லி முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்."

"கண் உள்பக்கம், மேல்பக்கம் வரல, மற்ற நரம்பெல்லாம்..."

"ஐஞ்சு, ஏழு சரியா இருந்துச்சு, வர்ற வழியில வண்டியில பாத்தேன். இவங்க பாக்கல."

"நான் ஏறிட்டிருந்தேன்!"

"அதுக்கே பாதி நேரம் ஆச்சு."

"சிஸ்டர், சிஸ்டர்!" டாக்டர் இரண்டு கையையும் தூக்கினார். "சாயங்காலம் நார்மல், காலையில மூணாவது நரம்பு, கூடவே தலைவலி. எனக்கு இவ்வளவு போதும்." போனை எடுத்துக்கொண்டே ஓடினார். இவ்வளவு துல்லியமான தகவல் அந்தப் பிரிவுக்கு வந்ததே இல்லை. இவ்வளவு சத்தத்தோடும் வந்ததில்லை. அவர் தன் சர்வீசில் இரண்டையும் மறக்கமாட்டார்.

ரத்தக்குழாய் ஸ்கேனில் குமிழி இருந்தது. இன்னும் வெடிக்கவில்லை. உடனே அடைத்துவிட ஏற்பாடு செய்தார்கள். விடியுமுன்பே சரக்கு இறக்கப் போயிருந்த மகன்கள் இருவரும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள், ஆனால் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து. தேர்வு தொடங்க அரைமணி இருந்தது. ஒருத்தி இருக்கவேண்டும், ஒருத்தி போகலாம்.

"கடைசியா நார்மலா பாத்தவங்க இருங்க. ஆபரேஷன் பண்றவங்க வந்து கேப்பாங்க" என்றார் டாக்டர்.

சின்னவள் உதட்டைக் கடித்தாள். பெரியவள் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை அன்பு என்று எழுதினால் அவள் என்மீது வழக்குப் போடுவாள்.

"நீ போடி பெரியவளே" என்றார் ஸ்ட்ரெச்சரிலிருந்து மாமியார். "ஒத்தைக் கண்ணால பாக்கும்போதும் நீ முழுசா தெரியற. எனக்குத் தலைவலி ஏறுது."

பெரியவள் போனாள். இரண்டாம் மாடி, நரம்பியல் வார்டு, மூன்றாம் கட்டில். வெளியூர்த் தேர்வாளர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லி மனுஷி. பக்கத்தில் சுத்தியல் மேடம். நோயாளி ஓய்வு பெற்ற லாரி டிரைவர், முகத்தின் வலப்பக்கம் தொங்கியவர். பெரியவள் வணக்கம் சொல்லி, கை கழுவி, நோயாளியிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னாள். தொடங்கவேண்டியது மூக்கு. பைக்குள் கைவிட்டாள். காபித்தூள் இல்லை. அது கீழ்மாடியில் மாமியார் நெஞ்சில் இருந்தது.

மனம் அங்கே இருந்தது, கை இங்கே இருந்தது. கை பக்கத்திலிருந்த தட்டிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து நோயாளி மூக்கில் காட்டியது. டிரைவர் "ஆ!" என்று தலையைப் பின்னால் இழுத்தார், கண்ணில் தண்ணீர். ஸ்பிரிட்.

தேர்வாளரின் பேனா அசைந்தது. நோயாளிகளைப் பார்வையாலேயே அடக்கியவளுக்குப் பேனாவின் அந்த அசைவு புதிது.

மற்றதெல்லாம் சுத்தம். நெற்றி சுருங்குகிறது, வாய் மட்டும் கோணுகிறது, ஆகவே கோளாறு மூளைப் பக்கம், நரம்பு வெளியே வந்த பிறகு இல்லை. அப்படி இருந்தால் நெற்றியும் சேர்ந்து போயிருக்கும் என்று அவள் சொன்னபோது தேர்வாளர் தலையாட்டினார். நாக்கு பலவீனமான பக்கம் சாயும், உள்நாக்கு நல்ல பக்கம் இழுபடும் என்பதையும் கேட்பதற்கு முன் சொன்னாள்.

அடுத்த பெயராகச் சின்னவளைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். தேர்வாளர், "ஆப்சென்ட் போட்டுடலாமா?" என்றார்.

வாசல்வரை போன பெரியவள் திரும்பினாள். "போடாதீங்க மேடம்."

சுத்தியல் மேடம் வியப்போடு பார்த்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது, ஆஸ்பத்திரியில் சேதிக்கு லிஃப்ட் தேவையில்லை. "உங்க ஓரகத்தி மேல பரிதாபமா?"

"பரிதாபமா? அவ மேலயா?" பெரியவளுக்கு அவமானமாகிவிட்டது. "மேடம், அவ வராம நான் ஜெயிச்சேன்னு வைங்க, 'நான் மட்டும் வந்திருந்தா'ன்னு சாகற வரைக்கும் சொல்லுவா. ஒரே சமையல்கட்டு மேடம். தினம் நான் கேக்கணும். அவ வரணும், செய்யணும், தோக்கணும். அதை என் கண்ணால பாக்கணும்."

தேர்வாளர் வாழ்க்கையில் எத்தனையோ சிபாரிசு கேட்டிருப்பார். வெறுப்பிலிருந்து வந்த சிபாரிசு இதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். மதியம் வரை காத்திருக்க ஒப்புக்கொண்டார்.

மகன்கள் வந்து சேர்ந்தார்கள். மாமியாரை உள்ளே கொண்டுபோனார்கள். குமிழியை அடைத்துவிட்டதாகச் சேதி வந்த பிறகுதான் சின்னவள் மாடியேறினாள். அவிழ்ந்த சடை, கண்ணில் சிவப்பு, கையில் காபித்தூள் பாட்டில். உள்ளே போகும்போது மாமியார் கொடுத்தது. லாரி டிரைவர் முகர்ந்து பார்த்து, "ஆ, காபி! காலையில ஒரு சிஸ்டர் மூக்குல நெருப்பு வெச்சாங்க" என்றார். ஒரு நரம்பு விடாமல் செய்தாள். சின்னவளுக்குத் தோற்கத் தெரியவில்லை. அது அவள் குறை.

முடிவு அடுத்த வாரம் வந்தது. வித்தியாசம் ஒரே ஒரு மதிப்பெண். மூக்குக்கானது.

ஆணவக் கட்சியும் ஆனைக் கட்சியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரியவள் முகத்தைப் பார்த்தன. அவள் ஏழாவது நரம்பு முழு வேலை நிறுத்தத்தில் இருந்தது. புருவம் அசையவில்லை, உதடு அசையவில்லை. மரம் மாதிரி நடந்து வார்டுக்குப் போய், மாமியார் கட்டில் பக்கத்தில் நின்றாள். மாமியார் தலைக்கட்டோடு, இடது இமையைச் சிறு கீற்றாகத் திறந்து பார்த்தார். இந்த நரம்பு திரும்பி வர மாசக்கணக்காகும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கீற்று நேற்றைவிடக் கொஞ்சம் பெரிதுதான்.

"யாரு ஜெயிச்சா?"

"உங்க சின்ன மருமக."

"அடடா. இனிமே நீ அவளுக்கு சிஸ்டர்னு சொல்லணுமே."

"நாக்கை நீட்டுங்க."

"இன்னும் விடலையா நீ?"

"இப்ப பரீட்சைக்கு இல்லை அத்தை. டியூட்டி. விரலைப் பாருங்க. தலையை ஆட்டாதீங்க."

முடித்துவிட்டு வார்டின் நடு மேஜைக்குப் போனாள். அங்கே புதுப் பொறுப்பு சிஸ்டர் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி அவளுக்குக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. பெரியவளுக்கு அதில் ஒரு ஆறுதல்.

"அத்தை இடது பாப்பா நாலு மில்லிமீட்டர், வலது மூணு. இடது லேசா சுருங்குது."

"சுருங்குதா? நேத்து அசையவே இல்லையே. சரியா பாத்தீங்களா?"

"சந்தேகமா இருந்தா நீயே போய் பாரு."

சின்னவள் எழுந்தாள். தன் டார்ச்சை எடுத்துக்கொண்டாள். கட்டில்வரை போய், இமையைத் தூக்கி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தாள். மறுபடி அடித்தாள். பெரியவள் மேஜையருகே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மாமியார் இருவரையும் திட்டிக்கொண்டிருந்தார், அதுவே ஒன்பதும் பத்தும் பன்னிரண்டும் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி.

சின்னவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "சுருங்குது" என்றாள் மேஜையைப் பார்த்து. பிறகு தலை நிமிராமல், "ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்க" என்று உத்தரவு போட்டாள்.

இரண்டு வார்த்தை வரவேண்டிய இடம் இது. பெரியவள் வாயைத் திறந்தாள். தொண்டை, உள்நாக்கு, நாக்கு எல்லாம் ஆரோக்கியமாகவே இருந்தன. இருந்தும் குரல் வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அரை மணிக்கு ஒருமுறை பாப்பேன்" என்றாள். "சிஸ்டர்."